நாற்பத்தொரு மெயில், ஒரு பக்கம்: நடுவில் வந்த வெளியாளுக்குச் சுருக்கம் எழுதும் முறை

நீண்ட மின்னஞ்சல் தொடரின் நடுவில் வெளி நிறுவனத்துக்காரர் ஒருவர் வந்து சேரும்போது, அவருக்கென ஒரு சுருக்கம் எழுத வேண்டியிருக்கிறது. இன்றைய தேதியில் எவை முடிவாகியிருக்கின்றன, எவை முடிவாகாமல் நிற்கின்றன, அவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அந்தச் சுருக்கம் அவருக்குச் சொல்ல வேண்டும். யார் எப்போது என்ன எழுதினார் என்று வரிசையாக ஒப்பித்தால் இந்த மூன்றும் கிடைத்துவிடாது. ஆறு வாரம் பேசி முடித்தவர்களுக்குத் தெரிந்த பல விஷயங்கள் தொடருக்குள் எங்கும் எழுதப்படாமலேயே இருக்கும். எழுதப்பட்டவற்றிலும் பாதி பின்னால் மாறியிருக்கும்.

இந்த வேலையைத் தவிர்க்கப் பலரும் செய்வது இரண்டு. ஒன்று, புதியவரின் முகவரியை Cc-இல் சேர்த்து, ‘கீழே உள்ளதைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதுவது. மற்றொன்று, தொடர் முழுவதையும் அப்படியே Forward செய்வது. முதல் வழியில் அவருக்குப் போய்ச் சேருவது அந்த ஒரு மெயிலும், அதன் அடியில் தொங்கும் பழைய எழுத்தும்தான். Reply கொடுக்கும்போது முந்தைய மெயில்களின் இணைப்புகள் கூடவே போவதில்லை என்பதால், ‘இணைப்பில் உள்ள சோதனை அறிக்கையின்படி’ என்ற வாக்கியம் அவருக்கு வரும், அறிக்கை வராது. இரண்டாவது வழியில் வரக்கூடாதவையும் சேர்ந்து வந்துவிடும். விலைப் பேச்சு, உள்ளுக்குள் பரிமாறிய கோபம், மூன்றாவது நிறுவனத்தைப் பற்றிய குறைகூறல் எல்லாம் ஒரே சொடுக்கில் வெளியே போய்விடுகின்றன.

தொடரை முழுதாகத் திரட்டுதல்

சுருக்கம் எழுதுவதற்கு முன் தொடர் முழுதாகக் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் ஒரே தொடராகத் தெரிவது பல நேரங்களில் முழுத் தொடராக இருப்பதில்லை. ஒவ்வொரு பதிலும் எந்த மெயிலுக்கான பதில் என்பதை In-Reply-To, References ஆகிய தலைப்பு வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்து செல்கின்றன. மெயில் மென்பொருள்கள் இவற்றையும் பொருள் வரியையும் பார்த்தே மெயில்களை ஒன்றாகக் கோக்கின்றன. யாராவது பொருள் வரியை மாற்றினால் ஜிமெயிலில் அது புதிய தொடராகப் பிரிந்துவிடும். ஒரே தொடரில் நூறு மெயிலைத் தாண்டினாலும் பிரிந்துவிடும். ஒரே மெயிலுக்கு இரண்டு பேர் தனித்தனியே பதில் எழுதினால் பேச்சு இரண்டு கிளையாகப் போகும். ஒரு கிளையின் அடியில் இருக்கும் பழைய எழுத்தில் மற்றக் கிளையின் பேச்சு இருக்காது. கடைசி மெயிலின் அடியை மட்டும் படித்துச் சுருக்கம் எழுதுபவர் ஒரு கிளை முழுவதையும் தவறவிடுவது இப்படித்தான்.

ஆகவே ஆர்டர் எண், பொருளின் பெயர், எதிர்த்தரப்பின் முகவரி ஆகியவற்றைக் கொண்டு தனித்தனியே தேடி, பிரிந்து போன கிளைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். Reply All-க்குப் பதிலாக Reply மட்டும் அழுத்தியதால் ஒருவரிடம் மட்டும் போய் நின்ற மெயில்களும் இருக்கலாம். தொடரில் ஒரு கேள்வி எழுந்து, பதிலே இல்லாமல் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தால், பதில் வேறு எங்கோ இருக்கிறது என்று பொருள். சக ஊழியர்களிடம் கேட்டால் கிடைத்துவிடும்.

பெறுபவரின் வேலை என்ன?

திரட்டிய பிறகு தீர்மானிக்க வேண்டியது, சுருக்கத்தைப் பெறுபவர் அதை வைத்து என்ன வேலை செய்யப் போகிறார் என்பது. ஒரே தொடருக்குச் சரக்கு ஏற்றுமதி முகவர், பரிசோதகர், வழக்குரைஞர் ஆகிய மூவருக்கும் மூன்று வெவ்வேறு சுருக்கங்கள் வரும். சரக்கு முகவருக்கு அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கையும் புறப்படும் தேதியும் போதும். பரிசோதகருக்கு அளவும் தரமும் வேண்டும். வழக்குரைஞருக்கு யார் எந்தத் தேதியில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பதே முக்கியம். பெறுபவரின் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மெயிலையும் படிக்கும்போது இது அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்பது தானே தெரியும்.

திருப்பூரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கற்பனை ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்குப் பிரிட்டனில் உள்ள பையர் 7,200 டி-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்கிறார். நேவி நீலம், வெள்ளை, கிரே மெலாஞ்ச் என மூன்று நிறம், நிறத்துக்கு 2,400. மே 6-ஆம் தேதி தொடங்கிய மெயில் பேச்சு, ஜூன் 12-க்குள் நாற்பத்தொரு மெயிலாக வளர்ந்துவிட்டது. அன்று பையர், பெங்களூருவில் உள்ள பரிசோதனை நிறுவனத்தின் அதிகாரியை Cc-இல் சேர்த்து, ‘இறுதிப் பரிசோதனையை இவர்கள் செய்வார்கள், விவரங்களைத் தெரிவிக்கவும்’ என்று ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசரைக் கேட்கிறார். பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்தான் மெர்ச்சண்டைசர். சுருக்கம் எழுதும் பொறுப்பு அவருக்கு வருகிறது.

பெறுபவரின் வேலையை அவர் இப்படி எழுதிக்கொள்கிறார்: ‘தைத்து முடித்த சட்டைகளில் மாதிரி எடுத்து, ஒப்புக்கொண்ட தரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, தேர்ச்சி அல்லது தோல்வி என்று அறிக்கை தருவார்.’ இதற்கு அவருக்குத் தேவைப்படுவது, ஒவ்வொரு விஷயத்திலும் இப்போது நடப்பில் உள்ள அளவுகோல் எது என்பது. பழைய அளவுகோல் ஒன்று அவர் கைக்குப் போய்விட்டால், சரியாகத் தைத்த சரக்கு தோல்வி அடையும், அல்லது தவறாகத் தைத்தது தேர்ச்சி பெறும்.

மெர்ச்சண்டைசர் தொடரைப் பழையதிலிருந்து புதியது நோக்கிப் படிக்கிறார். திரையில் புதியது மேலே இருப்பதால் கண் அங்கேதான் போகும். ஆனால் பின்னாலிருந்து படித்தால், எந்த முடிவு எதை மாற்றியது என்பது பிடிபடாது. தேதி, எழுதியவர், விஷயம், அதன் நிலை என நான்கு பத்தி கொண்ட ஒரு பட்டியலைப் போட்டுக்கொண்டு படிக்கிறார். அதில் ஆறு விஷயங்கள் தேறுகின்றன.

முதலாவது துணியின் எடை. மே 6-ஆம் தேதி ஆர்டரில் சதுர மீட்டருக்கு 160 கிராம், 5 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்று இருந்தது. அதாவது 152 முதல் 168 வரை. பிறகு யாரும் இதைத் தொடவில்லை, ஆகவே அது அப்படியே நிற்கிறது.

இரண்டாவது நேவி துணியின் சாயம். ஈரத்தில் தேய்க்கும்போது சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்12 சோதனையில், 1 முதல் 5 வரையிலான சாம்பல் அளவுகோலில் 5 மிகச் சிறந்தது. பையர் கேட்டது குறைந்தது 3. மே 14-இல் வந்த முதல் அறிக்கையில் கிடைத்தது 2-3. அடர்ந்த நிறங்களில் நூலோடு பிணையாமல் மேலே தங்கும் சாயத்தைச் சரியாக அலசி எடுக்காவிட்டால் இப்படி வரும். சாயப்பட்டறை துணியை மறுபடி சோப்பு நீரில் கொதிக்க வைத்து அலசிக் கொடுத்தது. மே 19-இல் பையர், ‘மறுசோதனையில் 3 வந்தால் தைக்கலாம்’ என்று எழுதினார். மே 23-இல் 3 வந்த அறிக்கை அனுப்பப்பட்டது.

மூன்றாவது அட்டைப்பெட்டி. ஆர்டரில் பெட்டிக்கு 24 சட்டை. மே 21-இல் பையரின் கிடங்குப் பிரிவு, தங்கள் அடுக்கின் உயரத்துக்குப் பெட்டி பெரிதாக இருக்கிறது, பெட்டிக்கு 20 போதும் என்று எழுதியது. பொருள் வரியை அவர்கள் மாற்றியதால் இந்தப் பேச்சு பன்னிரண்டு மெயில் கொண்ட தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டது. முக்கியத் தொடரில் எந்த மெயிலின் அடியைப் பார்த்தாலும் இன்னும் 24 என்றே இருக்கும். கிளையைத் தேடி எடுக்காமல் சுருக்கம் எழுதியிருந்தால், பரிசோதகர் 300 பெட்டிகளை எதிர்பார்த்து வந்து 360 பெட்டிகளைப் பார்த்திருப்பார்.

நான்காவது கழுத்து லேபிள். மூன்று நிறத்துக்கும் ‘100 சதவீதம் பருத்தி’ என்று அச்சாக இருந்தது. கிரே மெலாஞ்ச் நூலில் 10 சதவீதம் விஸ்கோஸ் கலந்திருப்பதால் அந்த நிறத்துக்கு மட்டும் லேபிளை மாற்ற வேண்டும் என்று மே 27-இல் ஏற்றுமதி நிறுவனம் எழுதியது. திருத்திய லேபிள் படத்தைப் பையரின் தரப் பிரிவு மே 30-இல் ஒப்புக்கொண்டது.

ஐந்தாவது மார்பளவு. எம் அளவுக்கு 52 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கூடலாம் அல்லது குறையலாம். அலசலுக்குப் பிறகு நேவி துணி சற்றுத் தளர்ந்திருந்தது. ஜூன் 9-இல் ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் போயிருக்கிறது: ‘போனில் பேசியபடி நேவிக்குச் செய்துகொள்கிறோம், நன்றி.’ போனில் என்ன பேசினார்கள் என்பது தொடரில் எங்கும் இல்லை.

ஆறாவது புறப்படும் தேதி. ஆர்டரின்படி சரக்கு ஜூன் 22-இல் தொழிற்சாலையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். ஜூன் 2-இல் ஏற்றுமதி நிறுவனம் 27 வரை நேரம் கேட்டது. பையரின் கொள்முதல் அதிகாரி ‘கடைப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்றார். அதற்குப் பிறகு வந்த ஐந்து மெயில்களில் எல்லோரும் 27 என்றே பேசியிருக்கிறார்கள்.

முடிவு எது, பேச்சு எது?

சுருக்கம் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான். தொடரில் ஒரு விஷயம் யோசனையாகச் சொல்லப்பட்டிருக்கலாம், நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கலாம், உறுதியாக முடிவாகியிருக்கலாம், முடிவாகிப் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம். அலுவலக மெயிலின் நடையில் இந்த நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ‘27-இல் அனுப்பலாம்’ என்ற வாக்கியம் யோசனையாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம். வாக்கியத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அந்த விஷயத்தில் முடிவு சொல்லும் உரிமை யாருக்கு, அவர் ஒப்புக்கொண்டு எழுதிய மெயில் எங்கே என்று தேட வேண்டும்.

இப்படித் தேடினால் ஆறாவது விஷயம் வேறு நிறம் கொள்கிறது. புறப்படும் தேதியை மாற்றும் உரிமை பையரின் கொள்முதல் அதிகாரிக்கு. அவர் எழுதிய கடைசி வரி ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பது. பிறகு 27 என்று எழுதியவர்கள் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவும் கணக்குப் பிரிவும். பலமுறை சொல்லப்பட்டதாலேயே அந்தத் தேதி முடிவானது போலத் தோன்றுகிறது. பையரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ‘ஜூன் 27 புறப்பாடு’ என்று சுருக்கத்தில் எழுதினால், வெளியாள் ஒருவர் அதை நம்பித் தன் ஆட்களின் நாட்களை ஒதுக்கிவிடுவார்.

நேவி சாயம் நிபந்தனையோடு வந்த ஒப்புதலுக்கு எடுத்துக்காட்டு. மே 23-இல் அறிக்கை போன பிறகு ‘சரி’ என்று யாரும் பதில் எழுதவில்லை. ஆனால் நிபந்தனை தெளிவானது, நிறைவேறியதற்குச் சான்றும் இருக்கிறது. ஆகவே இது முடிவானதுதான். ஆனாலும் சுருக்கத்தில் வெறும் ‘ஒப்புதல் கிடைத்தது’ என்று எழுதாமல், நிபந்தனையையும் சான்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மார்பளவு விஷயத்தில் தொடரே போதாது. மெர்ச்சண்டைசர் ஊகித்து எழுதக் கூடாது. ‘நேவிக்கு மார்பளவு குறித்து ஜூன் 9-இல் போனில் ஒப்புக்கொண்டது என்ன என்பதைப் பரிசோதகருக்காக ஒரு வரியில் எழுதித் தர முடியுமா?’ என்று பையரின் தரப் பிரிவுக்கு அன்றே ஒரு மெயில் போடுகிறார். மாலையில் பதில் வருகிறது: நேவிக்கு மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை கூடலாம், குறைவது பழையபடி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். புறப்படும் தேதியைப் பற்றியும் கேட்டதில், கடைப் பிரிவின் பதில் 15-ஆம் தேதி கிடைக்கும் என்று தெரிகிறது. வெளியாளுக்குச் சுருக்கம் எழுத உட்கார்ந்ததால், உள்ளே இருந்தவர்களிடையே திறந்து கிடந்த இரண்டு ஓட்டைகளும் வெளிப்பட்டுவிட்டன.

வெளியே போகக் கூடாதவை

இதே தொடரில், ஐந்து நாள் தாமதத்துக்கு ஈடாக விலையில் 2 சதவீதம் குறைக்கும்படி பையர் கேட்டதும், அதைப் பற்றி ஏற்றுமதி நிறுவனத்துக்குள் நடந்த பேச்சும் இருக்கின்றன. சாயப்பட்டறையை மாற்றிவிடலாமா என்ற விவாதமும் இருக்கிறது. பரிசோதகரின் வேலைக்கு இவை எதுவும் தேவையில்லை. விலை என்பது இரு தரப்புக்கு மட்டும் உரிய இரகசியம். சாயப்பட்டறையோ, தன் பக்கத்தைச் சொல்ல இடமே இல்லாத மூன்றாம் தரப்பு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனமாகக் காக்க வேண்டும். தேவையில்லாததை விடுவது வேறு, தேவையானதை மறைப்பது வேறு. நேவி துணி முதல் சோதனையில் 2-3 மட்டுமே எடுத்தது என்பது ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. ஆனால் பரிசோதகர் எந்த நிறத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். ஆகவே அது சுருக்கத்தில் இருந்தாக வேண்டும். எந்தப் பட்டறையில், யாருடைய கவனக்குறைவால் அது நேர்ந்தது என்பது இருக்க வேண்டியதில்லை. நடந்ததையும் அதன் விளைவையும் எழுதி, குற்றம் யாருடையது என்ற பேச்சை விட்டுவிடுவதே நேர்மைக்கும் நாகரிகத்துக்கும் பொருந்துகிறது.

எழுத்தைக் காட்டிலும் இணைப்புகளில் இரகசியம் அதிகம் கசிகிறது. அளவுப் பட்டியல் என்று அனுப்பப்படும் எக்ஸெல் கோப்பில் விலைப் பத்தி மறைத்து வைக்கப்பட்டிருந்தால், அதுவும் கோப்போடு போகும். பெறுபவர் இரண்டு சொடுக்கில் அதைத் திறந்துவிடலாம். தேவையான தாளை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது பாதுகாப்பு. அதே காரணத்துக்காகச் சுருக்கத்தைப் பழைய தொடருக்குப் பதிலாக எழுதாமல், புதிய மெயிலாகத் தொடங்க வேண்டும். பதிலாக எழுதினால் அடியில் நாற்பது மெயிலும் ஒட்டிக்கொண்டே போகும்.

எழுதும் வடிவம்

சுருக்கத்தில் முதலில் வர வேண்டியது, பெறுபவரிடம் வேண்டுவது. அடுத்து முடிவானவை, பிறகு முடிவாகாதவை, கடைசியில் இணைப்புகள். பழைய கதை தனியாக வராது. ஒரு முடிவைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும் இடத்தில் மட்டும் அரை வாக்கியமாக வரும். மெர்ச்சண்டைசர் எழுதி முடித்த மெயிலைத் தமிழில் தந்தால் இப்படி இருக்கும்:

பொருள்: டி-ஷர்ட் ஆர்டர், 7,200 – இறுதிப் பரிசோதனை – ஜூன் 12 நிலவரம்

ஐயா, வணக்கம்.

இந்த ஆர்டரின் இறுதிப் பரிசோதனையை உங்கள் நிறுவனம் செய்யவிருப்பதாகப் பையர் தெரிவித்துள்ளார். மே 6 முதல் நடந்த பேச்சில் உங்களுக்குத் தேவையானவை கீழே உள்ளன. பழைய மெயில்களைப் படிக்கத் தேவையில்லை.

உங்களிடம் வேண்டுவது: ஜூன் 19, ஜூன் 24 ஆகிய இரண்டு நாட்களிலும் ஒரு பரிசோதகரை ஒதுக்க முடியுமா என்று 14-ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும். இரண்டில் எது என்பதை 16-ஆம் தேதி மாலைக்குள் உறுதி செய்கிறோம்.

முடிவானவை:

1. துணி எடை: சதுர மீட்டருக்கு 160 கிராம், 152 முதல் 168 வரை ஏற்கலாம். ஆர்டரில் உள்ளபடியே, மாற்றம் இல்லை.

2. நேவி சாயம்: ஈரத் தேய்ப்பில் குறைந்தது 3 வேண்டும். மே 14 சோதனையில் 2-3 வந்ததால் துணி மறுபடி அலசப்பட்டது. மறுசோதனையில் 3 வந்தால் தைக்கலாம் என்று பையர் மே 19-இல் ஒப்புக்கொண்டார். மே 23 அறிக்கையில் 3 வந்துள்ளது (இணைப்பு 1).

3. பெட்டி: ஒரு பெட்டிக்கு 20 சட்டை, ஒரே நிறம். நிறத்துக்கு 120 வீதம் மொத்தம் 360 பெட்டிகள். ஆர்டரில் உள்ள 24 என்பதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. லேபிள்: நேவி, வெள்ளை இரண்டுக்கும் 100 சதவீதம் பருத்தி. கிரே மெலாஞ்சுக்கு 90 சதவீதம் பருத்தி, 10 சதவீதம் விஸ்கோஸ். பையரின் தரப் பிரிவு மே 30-இல் ஒப்புக்கொண்டது (இணைப்பு 2).

5. மார்பளவு, எம்: 52 செ.மீ., ஒரு செ.மீ. கூடலாம் அல்லது குறையலாம். நேவிக்கு மட்டும் 1.5 செ.மீ. வரை கூடலாம், குறைவது ஒரு செ.மீ.க்குள். பையரின் தரப் பிரிவு ஜூன் 12-இல் எழுத்தில் உறுதி செய்தது (இணைப்பு 3).

முடிவாகாதது: புறப்படும் தேதி. ஆர்டரின்படி ஜூன் 22. நாங்கள் 27 கேட்டுள்ளோம். பையரின் பதில் 15-ஆம் தேதி வரும். 22 என்றால் பரிசோதனை 19-இல், 27 என்றால் 24-இல்.

இதில் ஏதேனும் பிழை இருந்தால், Cc-இல் உள்ள பையரின் பிரிவினர் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாற்பத்தொரு மெயில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவது விஷயத்தில் பழைய எண்ணையும் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பரிசோதகரின் கையில் மூல ஆர்டரும் இருக்கும். அதில் 24 என்றும் சுருக்கத்தில் 20 என்றும் பார்த்தால், எது சரி என்று அவர் திகைப்பார். பெறுபவர் வேறு எங்காவது பழைய விவரத்தைப் பார்க்க வாய்ப்பிருந்தால், அது காலாவதியானது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் பார்க்கவே வாய்ப்பில்லாத பழைய விவரங்களைச் சொல்லிக் குழப்பக் கூடாது.

எத்தனை சட்டைகளை மாதிரியாக எடுக்க வேண்டும் என்பதைச் சுருக்கம் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணையின்படி, வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில் 7,200 சட்டைக்கு 200 மாதிரி. ஏற்புத் தர வரம்பு 2.5 என்றால் 10 குறை வரை தேர்ச்சி, 11 என்றால் தோல்வி. இது பரிசோதகரின் அன்றாடப் பாடம். அவருக்குத் தெரிந்ததை விட்டு, அவருக்குத் தெரிய வழியே இல்லாததை மட்டும் எழுதினால் பக்கம் சுருங்கும்.

அனுப்பும் முன்

மிகுதியாகப் பிழை வரும் இடம் தேதி. பிரிட்டனின் கோடை நேரம் இந்திய நேரத்துக்கு நாலரை மணி பின்னால் இருக்கிறது. அங்கே மே 30 இரவு எட்டு மணிக்கு அனுப்பிய ஒப்புதல், திருப்பூரின் திரையில் மே 31, அதிகாலை 12.30 என்று தெரியும். இரு தரப்பும் இரு தேதியைச் சொன்னால், இரண்டு ஒப்புதல்கள் இருந்தனவோ என்ற ஐயம் எழும். முடிவு சொன்னவரின் ஊர்த் தேதியையே எங்கும் பயன்படுத்துவது நல்லது. 05/06 என்பது இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதிவிட வேண்டும். ‘நாளை’, ‘அடுத்த வெள்ளி’ போன்ற சொற்கள் பழைய மெயிலிலிருந்து சுருக்கத்துக்குள் வரவே கூடாது.

அடுத்தது எண்கள். சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் மூல மெயிலோடு அல்லது இணைப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும், நினைவிலிருந்து எழுதக் கூடாது. பெட்டிக் கணக்கைப் போல ஒன்றை ஒன்று சரிபார்க்கும் எண்கள் இருந்தால் பெருக்கிப் பார்த்துவிடலாம். 360 பெட்டி, பெட்டிக்கு 20 என்றால் 7,200 வருகிறது.

மூன்றாவது, உள்வட்டத்துக்கு மட்டும் புரியும் சொற்கள். தொழிற்சாலையில் ‘மூணாவது லாட்’ என்றும், பையரின் அலுவலகத்தில் ஆட்களைப் பெயரின் முதலெழுத்தாலும் குறிப்பிட்டிருப்பார்கள். வெளியாளுக்கு அவை புரியாது. ஆளின் பெயரைக் காட்டிலும் அவர் எந்தப் பிரிவு, எதை முடிவு செய்பவர் என்பது பயன்படும்.

கடைசியாக, தொடரில் ஆரம்பத்திலிருந்து இருக்கும் ஒருவர் அனுப்பும் முன் படித்துப் பார்க்க வேண்டும். எழுதியவருக்குத் தன் பிழை தெரியாது. எதிர்த்தரப்பையும் Cc-இல் வைத்து அனுப்புவதால், தவறான புரிதல் ஏதும் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே அது வெளிவரும்.

சுருக்கம் சரியாக அமைந்ததா என்பதைப் பெறுபவரின் பதில் காட்டிவிடும். ‘19, 24 இரண்டு நாளும் ஆள் ஒதுக்கியிருக்கிறோம், நேவிக்கு ஈரத் தேய்ப்பைத் தளத்திலேயே பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால் அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். ‘அப்படியானால் 27-இல் புறப்பாடு, சரிதானே?’ என்று கேட்டால், முடிவாகாத பகுதி அவருக்கு முடிவானது போல் பட்டிருக்கிறது. சுருக்கத்தில் இருக்கும் ஒன்றையே அவர் மறுபடி கேட்டால், அது தவறான இடத்தில் இருக்கிறது அல்லது தெளிவாக இல்லை. அந்தக் கேள்விக்குத் தனிப் பதில் எழுதுவதோடு நிறுத்தாமல், சுருக்கத்தையே திருத்தித் தேதியிட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கமே இன்னொரு நீண்ட தொடரின் முதல் மெயிலாகிவிடும்.

சுருக்கத்தின் எல்லை

சுருக்கம் என்பது எழுதியவரின் புரிதல், ஒப்பந்தம் அல்ல. ஆர்டரும், அதைத் திருத்தி இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூல மெயில்களுமே ஆதாரம். ஆகவே பெட்டியின் எண்ணிக்கை போன்ற மாற்றங்களைத் திருத்திய ஆர்டராகவே வாங்கி வைப்பது ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. சொல்லுக்குச் சொல் முக்கியமான இடத்தில், எடுத்துக்காட்டாக மே 19-இன் நிபந்தனையிலோ ஜூன் 12-இன் அளவுச் சலுகையிலோ, பின்னால் தகராறு வரக்கூடும் என்று தோன்றினால் அந்த மெயிலின் வரிகளை மாற்றாமல் அப்படியே எடுத்துத் தர வேண்டும்.

தகராறு ஏற்கெனவே தொடங்கிவிட்ட தொடர்களுக்கு இந்த வடிவம் பொருந்தாது. பணம் திரும்பக் கேட்கும் நிலைக்கோ வழக்குக்கோ பேச்சு போய்விட்டால், எதை விட்டோம் எதைச் சேர்த்தோம் என்பதே கேள்விக்கு உள்ளாகும். அங்கே மூல மெயில்கள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி, நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் பார்த்த பிறகே வெளியே தர வேண்டும்.

சுருக்கத்துக்கு ஆயுளும் குறைவு. ஜூன் 15-இல் கடைப் பிரிவின் பதில் வந்ததும், மேலே உள்ள மெயிலின் ஒரு பகுதி பழையதாகிவிடும். பொருள் வரியில் ‘ஜூன் 12 நிலவரம்’ என்று போட்டிருப்பது அதற்காகத்தான். 16-ஆம் தேதி, அதே மெயிலில் முடிவாகாத பகுதியை முடிவானவற்றில் ஆறாவதாகச் சேர்த்து, பொருள் வரியின் தேதியை மாற்றி, மாறியது இந்த ஒன்று மட்டுமே என்று முதல் வரியில் சொல்லி அனுப்பினால், பரிசோதகர் தொழிற்சாலைக்கு வரும் நாளில் அவர் கையில் ஒரே ஒரு தாள் இருந்தால் போதும்.